ஒரு நாள் வித்தியாசம்: கணினி நிராகரித்த பாடசாலை விண்ணப்பமும் ஒரு தாயின் கடிதமும்

“பாதுகாவலரின் தேசிய அடையாள அட்டை இலக்கமும் பிறந்த திகதியும் பொருந்தவில்லை. விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது.”

வட மாகாணத்தின் நகரமொன்றில் உள்ள தனியார் பாடசாலை ஒன்றுக்குத் தரம் 1 அனுமதிக்காக இணையவழியில் விண்ணப்பித்த தாய் ஒருவருக்குக் கிடைத்த செய்தி இது. விண்ணப்பத்தை அனுப்பிய அதே நிமிடத்தில் வந்தது. இடையில் எந்த மனிதரும் அதைப் பார்க்கவில்லை. ஆனால் அவர் கொடுத்த இலக்கமும் சரி, திகதியும் சரி. பிழை படிவத்தைச் சரிபார்த்த கணக்கில் இருந்தது.

அந்தத் தாய் எனது உறவினர் ஒருவரின் அயலவர். நிராகரிப்புக்கு எதிராக அவர் பாடசாலைக்கு இரண்டு கடிதங்கள் எழுதினார். முதலாவதற்குக் கைமேல் மறுப்பு வந்தது. இரண்டாவது கடிதம் ஆறு நாட்களில் அந்த முடிவை மாற்றியது. இரண்டாவதை எழுதும்போது நானும் கூட இருந்தேன். இணையவழிப் படிவங்கள் பெருகிவரும் காலத்தில் இதே பிழை வேறு அலுவலகங்களிலும் வரக்கூடியது என்பதால், அதை எப்படி அடையாளம் காண்பது, கடிதத்தில் எதை எழுதுவது என்பதை இங்கே விபரமாகச் சொல்கிறேன்.

படிவம் என்ன கேட்டது?

குறித்த பாடசாலையின் படிவத்தில் தந்தை விண்ணப்பித்தால் அவருடைய அடையாள அட்டை இலக்கம் மட்டுமே கேட்கப்பட்டது. தாயோ வேறு பாதுகாவலரோ விண்ணப்பித்தால் பிறந்த திகதியும் சேர்த்துக் கேட்கப்பட்டது. பிள்ளைக்குப் பொறுப்பானவர் தான்தானா என்பதை உறுதிப்படுத்துவதற்காக அந்த ஏற்பாடு. இலக்கத்துக்குள் இருக்கும் பிறந்த நாளையும், விண்ணப்பதாரி தட்டச்சுச் செய்த பிறந்த நாளையும் கணினி ஒப்பிட்டுப் பார்க்கும். பொருந்தாவிட்டால் உடனடி நிராகரிப்பு.

இந்தத் தாயின் கணவர் கட்டாரில் வேலை செய்கிறார். அதனால் தாயே விண்ணப்பித்தார். கணவரை இழந்த பெண்கள், தனித்து வாழும் பெண்கள், பேரப்பிள்ளையை வளர்க்கும் அம்மம்மாமார் எல்லோரும் இதே வழியால்தான் விண்ணப்பிக்க வேண்டும். வடக்கில் இவர்களின் தொகை சிறியதல்ல. அதாவது பிழையான கணக்கு, தந்தைமாரை ஒருபோதும் தொடாமல் இவர்களை மட்டுமே தொட்டது. பாடசாலை அலுவலகம் நெடுநேரம் அதைக் கவனிக்காமல் போனதற்கும் இதுவே காரணம். பெரும்பாலான விண்ணப்பங்கள் சிக்கலின்றிப் போய்க்கொண்டிருந்தபோது, நிராகரிக்கப்பட்ட சிலர் பிழையாகத் தட்டச்சுச் செய்துவிட்டார்கள் என்றே அங்கே எண்ணப்பட்டது.

இலக்கத்துக்குள் இருக்கும் நாள்

எங்களுடைய அடையாள அட்டை இலக்கம் வெறும் வரிசை எண் அல்ல. பழைய இலக்கத்தில் ஒன்பது எண்களும் ஓர் ஆங்கில எழுத்தும் உண்டு. முதல் இரண்டு எண்கள் பிறந்த ஆண்டைக் குறிக்கும். அடுத்த மூன்று எண்கள், அந்த ஆண்டின் எத்தனையாவது நாளில் ஒருவர் பிறந்தார் என்பதைக் குறிக்கும். பெண்களுக்கு அந்த நாளுடன் 500 கூட்டப்படும். எனவே நடுவிலுள்ள மூன்று எண்கள் ஆண்களுக்கு 001 தொடக்கம் 366 வரையும், பெண்களுக்கு 501 தொடக்கம் 866 வரையும் இருக்கும். 2016 முதல் வழங்கப்படும் பன்னிரண்டு எண்கள் கொண்ட இலக்கத்திலும் இதே முறைதான். ஆண்டு நான்கு எண்களாக எழுதப்படுவதால், நாளைக் குறிக்கும் எண்கள் ஐந்தாவது இடத்தில் தொடங்குகின்றன.

இதுவரை சொன்னது பலருக்கும் தெரிந்த விடயம். பலர் அறியாதது அடுத்தது. நாட்களை எண்ணும்போது, எல்லா ஆண்டுகளிலும் பெப்ரவரிக்கு 29 நாட்கள் இருப்பதாகவே அடையாள அட்டை இலக்கம் எடுத்துக்கொள்கிறது. பிறந்தது லீப் ஆண்டா இல்லையா என்று அது பார்ப்பதில்லை. மார்ச் 1 ஆம் திகதி பிறந்த எவருக்கும் நாள் 061 தான், பெண்ணானால் 561. இதில் ஒரு வசதி உண்டு. ஒரே மாதத்தில் ஒரே திகதியில் பிறந்த எல்லோருக்கும், எந்த ஆண்டில் பிறந்திருந்தாலும், நாள் எண் ஒன்றாகவே இருக்கும்.

சாதாரண நாட்காட்டிப்படி எண்ணும் கணினிக்கு இது தெரியாது. லீப் அல்லாத ஆண்டில் அது பெப்ரவரிக்கு 28 நாட்களையே எண்ணும். மார்ச் மாதத்திலிருந்து அதன் கணக்கு அட்டையின் கணக்கை விட ஒரு நாள் பின்தங்கிவிடும்.

ஆகஸ்ட் 12 எப்படி ஆகஸ்ட் 13 ஆனது?

இந்தத் தாய் பிறந்தது 1989 ஆகஸ்ட் 12. அவருடைய இலக்கம் 89725 என்று தொடங்குகிறது. மிகுதி எண்களை இங்கே தவிர்க்கிறேன். 725 இலிருந்து 500 ஐக் கழித்தால் 225. அப்படியானால் அவர் ஆண்டின் 225 ஆவது நாளில் பிறந்தவர்.

அட்டையின் முறைப்படி எண்ணிப் பார்ப்போம். ஜனவரி 31, பெப்ரவரி 29, மார்ச் 31, ஏப்ரல் 30, மே 31, ஜூன் 30, ஜூலை 31. மொத்தம் 213 நாட்கள். அதனுடன் ஆகஸ்ட் மாதத்தின் 12 நாட்களைக் கூட்டினால் 225. சரியாகப் பொருந்துகிறது.

இப்போது கணினியின் முறைப்படி எண்ணுவோம். 1989 லீப் ஆண்டு அல்ல. எனவே பெப்ரவரிக்கு 28. ஜூலை முடிவில் 212 நாட்கள். 225 ஆவது நாளுக்கு வர இன்னும் 13 நாட்கள் வேண்டும். ஆகவே கணினியின் பார்வையில் இந்தப் பெண் பிறந்தது ஆகஸ்ட் 13. அவர் தட்டச்சுச் செய்தது 12. “பொருந்தவில்லை.”

எக்ஸெல் வைத்திருப்பவர்கள் இதை ஒரு நிமிடத்தில் சோதிக்கலாம். முதல் வரி 1989 ஆகஸ்ட் 13 என்று காட்டும். இரண்டாவது வரியில் ஆண்டை மட்டும் 2000 என்ற லீப் ஆண்டாக மாற்றியிருக்கிறேன். அது ஆகஸ்ட் 12 என்று காட்டும்.

```
=DATE(1989,1,1)+225-1
=DATE(2000,1,1)+225-1
```

திருத்தமும் இதிலேயே இருக்கிறது. மாதத்தையும் திகதியையும் கண்டுபிடிப்பதற்கு எப்போதும் ஒரு லீப் ஆண்டைப் பயன்படுத்திவிட்டு, பிறந்த ஆண்டை இலக்கத்தின் முதல் எண்களிலிருந்து தனியே எடுத்தால் போதும்.

யார் யார் இந்தப் பிழையில் அகப்படுவார்கள்? ஜனவரி, பெப்ரவரியில் பிறந்தவர்களுக்குப் பிரச்சினை இல்லை. 1984, 1988, 1992 போன்ற லீப் ஆண்டுகளில் பிறந்தவர்களுக்கும் இல்லை. மிகுதி எல்லோரும் அகப்படுவார்கள். நான்கு ஆண்டுகளின் 1461 நாட்களில் 918 நாட்கள் அந்த மிகுதிக்குள் வருகின்றன. அது நூற்றுக்கு 63 வரை. அப்படியிருந்தும் படிவத்தை உருவாக்கியவர் முன்கூட்டியே ஏன் கண்டுபிடிக்கவில்லை என்று கேட்கலாம். படிவத்தைச் சோதிப்பவர் தன்னுடைய இலக்கத்தையும் பக்கத்தில் இருப்பவருடைய இலக்கத்தையும் போட்டுப் பார்ப்பது வழமை. அவர்களில் ஒருவர் 1992 இலும் மற்றவர் ஒரு ஜனவரியிலும் பிறந்திருந்தால் சோதனை வெற்றிதான்.

‘13 எண்டு போட்டா ஏறீடும்’

படிவம் நிராகரிக்கப்பட்டதும் அந்தத் தாய் வழமையாகப் போகும் கொமினிகேஷனுக்குத்தான் மீண்டும் போயிருக்கிறார். அங்கே வேலை செய்யும் இளைஞர் கெட்டிக்காரர். திகதியை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்து, எதைக் கணினி ஏற்கிறது என்று கண்டுபிடித்துவிட்டார்.

“அக்கா, சிஸ்ரம் உங்கட பிறந்த நாளை 13 எண்டுதான் எடுக்குது. 13 எண்டு போட்டா ஏறீடும். போடட்டே?”

உதவும் மனதோடு சொன்னதுதான். ஆனால் இந்த இடத்தில்தான் உண்மையான ஆபத்து இருக்கிறது. நேர்முகப் பரீட்சைக்குப் போகும்போது பிறப்புச் சான்றிதழும் அடையாள அட்டையும் மேசையில் வைக்கப்படும். அவை இரண்டிலும் 12 என்று இருக்க, விண்ணப்பத்தில் மட்டும் 13 என்று இருக்கும். தரப்பட்ட விபரங்கள் உண்மையானவை என்று கையொப்பமிடும் உறுதிமொழி எந்த அனுமதிப் படிவத்தின் அடியிலும் இருக்கும். பிழையான தகவல் தந்தால் விண்ணப்பம் இரத்துச் செய்யப்படும் என்ற வரியும் வழமையாக அதனோடு வரும். கணினியின் பிழையால் வந்த நிராகரிப்புக்கு எதிராக வாதிடலாம். தானே எழுதிய பிழையான திகதிக்கு எதிராக வாதிடுவது கடினம்.

அவர் மறுத்துவிட்டார். “என்ர பிறந்த நாளை நான் ஏன் மாத்த வேணும்?” என்று கேட்டதாக என்னிடம் சொன்னார்.

முதல் கடிதம் ஏன் பயன்படவில்லை?

அவர் எழுதிய முதல் கடிதத்தின் பிரதியை நான் பார்த்தேன். ஒன்றரைப் பக்கம். கணவர் வெளிநாட்டில் இருப்பது, இரண்டு பிள்ளைகளையும் தனியே வளர்ப்பது, மகளின் ஆசை, வீட்டுக்கும் பாடசாலைக்கும் உள்ள தூரம் எல்லாம் அதில் இருந்தன. “தயவுகூர்ந்து கருணையுடன் பரிசீலிக்குமாறு தாழ்மையுடன் வேண்டுகிறேன்” என்று முடிந்தது. நிராகரிப்புப் பற்றி ஒரு வரிதான் இருந்தது: “சரியான விபரம் கொடுத்தும் கணினி ஏற்கவில்லை.”

அலுவலகத்தில் அதை வாசித்த இலிகிதரின் நிலையில் இருந்து பாருங்கள். அதில் அவர் சரிபார்க்கக்கூடிய தகவல் எதுவுமில்லை. விண்ணப்ப இலக்கம் இல்லை, திகதி இல்லை, இணைப்பு இல்லை. சரியாகத்தான் கொடுத்தோம் என்று எல்லோரும் சொல்வார்கள். கருணை காட்டும் அதிகாரமும் அவருக்கு இல்லை. ஒருவருக்கு விலக்களித்தால் மற்றவர்கள் கேட்பார்கள். எனவே அவர் எழுதிய பதில் எதிர்பார்க்கக்கூடியதே: முடிவு கணினியால் எடுக்கப்பட்டது, மாற்ற முடியாது, அடையாள அட்டையில் பிழை இருப்பின் ஆட்பதிவுத் திணைக்களத்தில் திருத்திக்கொள்ளவும்.

இந்தப் பதிலில் ஒரு திசை மாற்றம் இருக்கிறது. பிழை கணினியில் இல்லை, அட்டையில் இருக்கிறது என்று அது கருதுகிறது. அந்த ஆலோசனையைக் கேட்டு அவர் கிராம அலுவலரிடமும் பிரதேச செயலகத்துக்கும் அலைந்திருந்தால், பிழையே இல்லாத ஓர் அட்டையைத் திருத்தப் போய், விண்ணப்ப முடிவுத் திகதியைத் தவறவிட்டிருப்பார்.

ஆகவே இரண்டாவது கடிதத்தின் நோக்கத்தை நாங்கள் ஒன்றாகச் சுருக்கினோம். இரக்கம் கேட்கத் தேவையில்லை. ஒரு கணக்கைச் சரிபார்க்கும்படி கேட்டால் போதும். இலிகிதர் தன்னுடைய மேசையிலிருந்தே, வேறு எவருடைய அனுமதியும் இல்லாமல், ஐந்து நிமிடத்தில் சரிபார்க்கக்கூடியதாக அது இருக்க வேண்டும்.

இரண்டாவது கடிதம்

பெயர், முகவரி, விண்ணப்ப இலக்கம் ஆகியவற்றை நீக்கிவிட்டு, அவரின் சம்மதத்துடன் அதை இங்கே தருகிறேன்.

> அதிபர் அவர்கட்கு,
>
> ஐயா,
>
> தரம் 1 அனுமதி – விண்ணப்ப இல. (…) – கணினியால் நிராகரிக்கப்பட்டதை மீளாய்வு செய்யக் கோரல்
>
> 1. எனது மகளுக்காக இம்மாதம் 3 ஆம் திகதி மாலை 4.20 மணிக்கு இணையவழியில் சமர்ப்பித்த மேற்படி விண்ணப்பம், பாதுகாவலரின் அடையாள அட்டை இலக்கமும் பிறந்த திகதியும் பொருந்தவில்லை எனக் கூறி அதே நேரத்தில் நிராகரிக்கப்பட்டது. அச்செய்தியின் பிரதி இணைப்பு 1.
>
> 2. நான் பதிந்த பிறந்த திகதி 1989.08.12. எனது அடையாள அட்டை இலக்கம் 89725 எனத் தொடங்குகிறது. இவ்விரண்டும் எனது அடையாள அட்டையில் ஒன்றாகவே அச்சிடப்பட்டுள்ளன (இணைப்பு 2). பிறப்புச் சான்றிதழிலும் இதே திகதி உள்ளது (இணைப்பு 3).
>
> 3. அடையாள அட்டை இலக்கத்தில் எல்லா ஆண்டுகளுக்கும் பெப்ரவரி 29 நாட்களாகவே கணக்கிடப்படுகிறது. அதன்படி ஆகஸ்ட் 12 என்பது 225 ஆவது நாள். பெண் என்பதால் 500 கூட்ட 725. தங்கள் படிவம் 1989 இல் பெப்ரவரியை 28 நாட்களாக எண்ணுவதால் 225 ஆவது நாளை ஆகஸ்ட் 13 எனக் கொள்கிறது என நம்புகிறேன்.
>
> 4. இதைச் சரிபார்க்க, லீப் அல்லாத ஓர் ஆண்டில் மார்ச் முதலாம் திகதிக்குப் பின் பிறந்த தங்கள் அலுவலகத்தவர் ஒருவரின் அடையாள அட்டை இலக்கத்தையும் பிறந்த திகதியையும், படிவத்தின் பாதுகாவலர் பகுதியில் இட்டுப் பார்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.
>
> 5. எனவே, (அ) எனது ஆவணங்களை அலுவலர் ஒருவர் நேரில் ஒப்பிட்டுப் பார்க்கவும், (ஆ) சரியெனக் கண்டால் விண்ணப்பத்தை முதலில் சமர்ப்பித்த திகதியிலேயே ஏற்கவும், (இ) விண்ணப்ப முடிவுத் திகதிக்கு முன் எழுத்தில் பதில் தரவும் வேண்டுகிறேன். மூல ஆவணங்களுடன் எந்த நாளிலும் வரத் தயாராக உள்ளேன்.
>
> 6. வேறு பிறந்த திகதியைப் பயன்படுத்தி நான் மீண்டும் விண்ணப்பிக்கவில்லை.
>
> இங்ஙனம்,
> உண்மையுள்ள,
> (கையொப்பம்)

ஒரு பக்கத்துக்குள் அடங்கிய கடிதம். இதில் சில இடங்களைக் கவனிக்க வேண்டும்.

இரண்டாவது பந்திதான் கடிதத்தின் முதுகெலும்பு. இலக்கமும் திகதியும் பொருந்தவில்லை என்பது கணினியின் குற்றச்சாட்டு. ஆனால் அந்த இரண்டையும் ஒரே அட்டையில் அச்சிட்டுத் தந்தது அரசாங்கம். மூன்றாவது பந்தியிலுள்ள கணக்கு விளங்காவிட்டாலும், அட்டையின் பிரதியைப் பார்த்தாலே விண்ணப்பதாரி பிழையாகத் தட்டச்சுச் செய்யவில்லை என்பது இலிகிதருக்குத் தெரிந்துவிடும்.

மூன்றாவது பந்தியில் “என நம்புகிறேன்” என்ற சொற்களை வேண்டுமென்றே வைத்தோம். படிவத்தின் உள்ளே என்ன எழுதப்பட்டிருக்கிறது என்பதை நாங்கள் பார்க்கவில்லை. வெளியே தெரிவதைக் கொண்டு ஊகிக்கிறோம். அதை உறுதிப்படுத்தும் வேலையை நான்காவது பந்தி அலுவலகத்திடம் கொடுக்கிறது. வேறொருவர் சொல்லி நம்புவதை விட, தன்னுடைய பிறந்த நாளையே கணினி மறுப்பதைக் கண்ட அலுவலர் விரைவாக நம்புவார்.

ஐந்தாவதில் “முதலில் சமர்ப்பித்த திகதியிலேயே” என்பது முக்கியம். பிழை திருத்தப்பட்ட பின் மீண்டும் விண்ணப்பியுங்கள் என்று சொன்னால், அதற்குள் முடிவுத் திகதி கடந்திருக்கலாம். ஆறாவது ஒரு வரிதான். ஆனால் அது அவருடைய நேர்மைக்கான பதிவு.

கடிதத்தை அவர் நேரில் கொடுத்தார். இன்னொரு பிரதியில் திகதியிட்ட முத்திரையையும் பெற்றவரின் கையொப்பத்தையும் வாங்கிக்கொண்டார். அதே நாளில் ஒரு பிரதியைப் பதிவுத் தபாலிலும் அனுப்பினார். கடிதம் கிடைக்கவில்லை என்ற பேச்சுக்கு அதற்குப் பின் இடமில்லை.

பட்டியலில் கண்டது

ஆறாம் நாள் பாடசாலையிலிருந்து அழைப்பு வந்தது. விண்ணப்பம் முதற் திகதியிலேயே ஏற்கப்பட்டதாக எழுத்திலும் அறிவித்தார்கள். அதன் பின்னர் அதே இலிகிதருடன் நான் பேசினேன். பாடசாலையின் பெயரை வெளியிடுவதில்லை என்ற உடன்பாட்டுடன் அவர் சில விபரங்களைச் சொன்னார்.

கடிதத்தின் நான்காவது பந்தியைப் படித்துவிட்டு அவர் தன்னுடைய இலக்கத்தையே போட்டுப் பார்த்திருக்கிறார். கணினி அவரையும் நிராகரித்தது. பிறகு அதே காரணத்தால் நிராகரிக்கப்பட்டவர்களின் பட்டியலை எடுத்தார்கள். அதில் 14 பேர் இருந்தார்கள். 12 பேருக்கு வித்தியாசம் சரியாக ஒரு நாள். அந்த 12 பேரும் லீப் அல்லாத ஆண்டுகளில், மார்ச் தொடக்கம் டிசம்பர் வரையான மாதங்களில் பிறந்தவர்கள். மிகுதி இருவரின் பிழை உண்மையானது. ஒருவர் பிறந்த ஆண்டைப் பிழையாகத் தட்டியிருந்தார். மற்றவர் தன்னுடைய திகதியுடன் கணவரின் இலக்கத்தைப் போட்டிருந்தார். ஆகவே சரிபார்ப்பு என்பது தேவையற்ற ஒன்றல்ல, அதன் கணக்குத்தான் பிழை.

அந்த 12 பேரில் இருவர் ஒரு நாளைக் கூட்டிப் போட்டு மீண்டும் விண்ணப்பித்து, ஏற்கப்பட்டவர்களின் பட்டியலில் இருந்தார்கள். அதாவது கணினி உண்மையான திகதிகளை வெளியே தள்ளிவிட்டு, பொய்யான திகதிகளை உள்ளே விட்டிருக்கிறது. பாடசாலை அந்த இருவரையும் தண்டிக்காமல் திகதியைத் திருத்திக்கொண்டது. இந்தக் கடிதம் வந்திராவிட்டால், நேர்முகப் பரீட்சையின்போது அவர்கள் பொய்த் தகவல் தந்தவர்களாகத்தான் தெரிந்திருப்பார்கள்.

வித்தியாசம் ஒரு நாளாக இல்லாவிட்டால்

எல்லாப் பொருத்தமின்மைக்கும் இந்த விளக்கம் செல்லாது. வித்தியாசம் சரியாக ஒரு நாளாக இருக்க வேண்டும். பிறந்தது லீப் அல்லாத ஆண்டில், பெப்ரவரிக்குப் பின்னராக இருக்க வேண்டும். அடையாள அட்டையில் அச்சிடப்பட்ட திகதியும் பிறப்புச் சான்றிதழின் திகதியும் ஒன்றாக இருக்க வேண்டும். இந்த மூன்றும் இருந்தால் மேலுள்ள கடிதத்தை அப்படியே பின்பற்றலாம்.

அட்டையும் பிறப்புச் சான்றிதழும் தமக்குள்ளேயே முரண்பட்டால் அது வேறு பிரச்சினை. இடம்பெயர்வுகளில் ஆவணங்களை இழந்து, பின்னர் உத்தேச வயதின் அடிப்படையில் பதிவு செய்துகொண்டவர்கள் எங்களிடையே இருக்கிறார்கள். அவர்களின் அட்டையிலுள்ள திகதி, பின்னர் கிடைத்த மூலச் சான்றிதழுடன் மாதக்கணக்கில் வேறுபடலாம். அவர்கள் ஆட்பதிவுத் திணைக்களத்தைத்தான் நாட வேண்டும். அதற்குக் காலம் எடுக்கும் என்பதால், பாடசாலைக்கு எழுதும் கடிதத்தில் திருத்தத்துக்கு விண்ணப்பித்த பற்றுச்சீட்டின் பிரதியை இணைத்து, தற்காலிகமாக ஏற்கும்படி கேட்பதே பொருத்தம்.

கடிதத்துக்குப் பதிலே வராவிட்டால் அடுத்த படி தகவல் கோரிக்கை. 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் அரச பாடசாலைகளுக்குப் பொருந்தும். எழுத்துச் சட்டமொன்றின் கீழ் தாபிக்கப்பட்ட, அங்கீகரிக்கப்பட்ட அல்லது அரச நிதி பெறும் தனியார் கல்வி நிறுவனங்களையும் அதன் வரைவிலக்கணம் உள்ளடக்குகிறது. “எனது விண்ணப்பம் எந்த விதியின்படி, எந்தக் கணக்கீட்டின்படி நிராகரிக்கப்பட்டது?” என்பதே கேட்க வேண்டிய கேள்வி. தகவலைத் தருவதா இல்லையா என்ற முடிவை 14 வேலை நாட்களுக்குள் அறிவிக்க வேண்டும். அனுமதிக் காலத்தில் 14 வேலை நாட்கள் என்பது நீண்ட அவகாசம். அதனால் கடிதத்தின் பதிலுக்காகக் காத்திராமல், இரண்டையும் ஒரே வாரத்தில் கொடுப்பது நல்லது. முற்றிலும் கணினியால் எடுக்கப்பட்ட முடிவை மீளாய்வு செய்யக் கோரும் உரிமை 2022 ஆம் ஆண்டின் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்திலும் இருக்கிறது. அதன் பகுதிகள் நடைமுறைக்கு வருவது பிற்போடப்பட்டு வந்ததால், இந்தக் கடிதத்தில் நாங்கள் அதில் தங்கியிருக்கவில்லை.

அலுவலகங்களின் பக்கத்தில் செய்ய வேண்டியது இரண்டு. ஒன்று, நாளை எண்ணும் கணக்கைத் திருத்துவது. மேலே தந்த எக்ஸெல் வரிகள் எந்த நிரலாளருக்கும் போதும். மற்றையது, பொருந்தாத விண்ணப்பத்தை நிராகரிக்காமல் ‘அலுவலர் பார்க்க வேண்டியவை’ என்ற தனிப் பட்டியலுக்கு அனுப்புவது. இந்தப் பாடசாலை இரண்டையும் செய்திருக்கிறது. இப்போது அந்தப் படிவத்தில் பொருத்தமின்மை வந்தால், “அடையாள அட்டையின் பிரதியுடன் அலுவலகத்துக்கு வரவும்” என்ற செய்திதான் வருகிறது.